தண்ணீர் மீட்டரில் எண் பாதியில் நின்றால் எந்த எண்ணை எழுதுவது?

கேள்வி: பெங்களூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மாசா மாசம் தண்ணீர் மீட்டரைப் போட்டோ எடுத்து ரீடிங்கோடு ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பணும். இந்த மாசம் கறுப்பு நம்பரில் கடைசி நம்பர் 6க்கும் 7க்கும் நடுவில் நிக்குது. கீழே சிவப்பு முள் நாலு வேற இருக்கு. 316ஆ, 317ஆ? போட்டோ இணைத்திருக்கேன்.

பதில்:

316தான். 317 ஆக இன்னும் 28 லிட்டர் பாக்கி இருக்கிறது. அதை உங்கள் போட்டோவே சொல்கிறது.

அல்சூரில் எங்கள் குடியிருப்பின் வீட்டு மீட்டர் கணக்கை நான்தான் பார்க்கிறேன். ஒவ்வொரு மாதமும் இதே மாதிரிப் போட்டோக்கள் எனக்கு வருகின்றன. கறுப்பு எண்ணை மட்டும் உற்றுப் பார்த்து "ஏழு மாதிரிதான் தெரியுது" என்று எழுதிவிடுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். இந்த மீட்டரை மிகச் சிறிய அளவைக் காட்டும் முள்ளிலிருந்து தொடங்கிப் பெரியதை நோக்கி வாசித்தால் சந்தேகத்துக்கே இடமிருக்காது. சின்ன முள் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தான் அதற்கு அடுத்த பெரிய முள்ளை எப்படி வாசிப்பது என்று தெரியும்.

கறுப்பு எண்கள் ஐந்தும் முழுக் கன மீட்டரைக் காட்டுகின்றன. தகட்டில் m³ என்று போட்டிருக்கும். ஒரு கன மீட்டர் என்பது 1000 லிட்டர், அதுதான் பில்லில் வரும் ஒரு கிலோலிட்டர். அதற்குக் கீழே உள்ள நான்கு சிவப்பு முள்களும் அந்த ஒரு கிலோலிட்டரைத் துண்டு போட்டுக் காட்டுபவை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ×0.1, ×0.01, ×0.001, ×0.0001 என்று எழுதியிருக்கும். ×0.1 முள் ஒரு எண்ணிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தால் 100 லிட்டர் ஓடியிருக்கிறது. அடுத்ததில் அது 10 லிட்டர், அதற்கும் அடுத்ததில் 1 லிட்டர். கடைசி முள் ஒரு முழுச் சுற்று சுற்றினாலே ஒரு லிட்டர்தான். ரீடிங் எழுத அது தேவைப்படாது.

இப்போது உங்கள் போட்டோவுக்கு வருவோம். ×0.001 முள் 2க்கும் 3க்கும் இடையில் இருக்கிறது. இரண்டு எண்ணுக்கு நடுவில் முள் நின்றால் கடந்து வந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும், எனவே 2. ×0.01 முள் 7ஐத் தாண்டிக் கொஞ்சம் போயிருக்கிறது, எனவே 7. அடுத்து ×0.1 முள். அது கிட்டத்தட்ட 0 மேலேயே உட்கார்ந்திருப்பது போலத் தெரிகிறது. இங்கேதான் பலர் 0 என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அதற்குக் கீழ்ப்பட்ட முள் 7இல் நிற்கிறது. அப்படியென்றால் ×0.1 முள் 9ஐத் தாண்டி பத்தில் ஏழு பங்கு தூரம் வந்திருக்கிறது, 0ஐ இன்னும் தொடவில்லை. எனவே 9. (9க்கும் 0க்கும் நடுவில் மட்டும் எது சின்ன எண் என்ற குழப்பமும் வரும். அந்த இடத்தில் 0ஐப் பத்து என்று நினைத்துக்கொண்டால் 9தான் சின்னது என்பது விளங்கும்.) உண்மையிலேயே 0ஐத் தாண்டியிருந்தால் ×0.01 முள் 0, 1 பக்கம் இருந்திருக்கும்.

ஆக முள்கள் காட்டுவது 972 லிட்டர். முழு கிலோலிட்டர் இன்னும் ஆகவில்லை, எனவே கறுப்பு எண் 6ஐ விட்டு 7க்குப் போய்க்கொண்டிருக்கிறது, போய்ச் சேரவில்லை. முழு ரீடிங் 316.972. எழுத வேண்டியது 316.

கறுப்பு எண் ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்கலாம். உள்ளே இருப்பது எண் அச்சிட்ட சின்ன உருளைகள். அவை மேல்நோக்கிச் சுழல்வதால் புது எண் கீழிருந்து ஏறி வரும், பழைய எண் மேலே போய் மறையும். உங்கள் மீட்டரில் அந்த உருளை ×0.1 முள் 9இலிருந்து 0க்குப் போகும் அந்தக் கடைசி 100 லிட்டரில்தான் நகர்கிறது. அதனால்தான் 6இன் அடிப்பாகமும் 7இன் பெரும்பாகமும் சேர்ந்து தெரிகின்றன. வேறு சில மீட்டர்களில் கடைசி உருளை நிற்காமல் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும், முள் 5இல் இருக்கும்போதே எண் பாதியில் நிற்கும். இரண்டிலும் விதி ஒன்றுதான்: ×0.1 முள் 0ஐக் கடக்கும் வரை பழைய எண்.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு சோதனை செய்யுங்கள். 28 லிட்டர் என்பது உங்கள் குளியலறை பக்கெட்டில் இரண்டுக்குள்தான் வரும். மீட்டர் பக்கத்தில் ஒருவரை நிறுத்திவிட்டு இரண்டு பக்கெட் தண்ணீர் பிடியுங்கள். 7 நேராக வந்து உட்காரும், ×0.1 முள்ளும் 0ஐத் தாண்டும்.

எழுதிய எண் சரியா என்று பார்க்க இன்னொரு வழியும் உண்டு. போன மாதம் 300 என்று எழுதியிருந்தீர்கள் என்று வையுங்கள். 316 கழித்தல் 300, 16 கிலோலிட்டர். 30 நாளில் 16,000 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 533 லிட்டர். வீட்டில் நான்கு பேர் என்றால் ஆளுக்கு 133 லிட்டர். நகரங்களுக்கு மத்திய அரசின் குடிநீர் வழிகாட்டி நெறிகள் ஆளுக்கு 135 லிட்டர் என்றுதான் கணக்கு வைக்கின்றன, எனவே இது இயல்பான எண். ஆளுக்கு 13 லிட்டர் என்றோ 1300 லிட்டர் என்றோ வந்தால் தண்ணீரைச் சந்தேகிக்கும் முன் ரீடிங்கைச் சந்தேகியுங்கள். சில மீட்டர்களில் முள்ளுக்குப் பதில் சிவப்பு உருளைகள் கறுப்பு எண்ணுக்கு ஒட்டியே வரும். அதையும் சேர்த்து 316972 என்று எழுதிவிட்டால் கணக்கு ஆயிரம் மடங்கு ஏறிவிடும். சிவப்பு எதுவானாலும் அது ஒரு கிலோலிட்டருக்குள் அடங்கியது.

போட்டோவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சரியாக வாசித்தாலும் சாய்வாக எடுத்த படம் ஏமாற்றும். முள் தகட்டோடு ஒட்டியிருப்பதில்லை, கொஞ்சம் உயரத்தில் நிற்கிறது. பக்கவாட்டில் இருந்து பார்த்தால் அது அடுத்த எண்ணின் மேல் இருப்பது போலத் தெரியும். உருளைகளோ ஜன்னலுக்குள் தாழ்ந்து கிடக்கின்றன, சாய்வில் எண்ணின் மேல் பாதியோ கீழ்ப் பாதியோ வெட்டுப்படும். போனை மீட்டருக்கு நேர் மேலே பிடியுங்கள். படத்தில் கண்ணாடி முழு வட்டமாக இருந்தால் நேராக எடுத்திருக்கிறீர்கள், முட்டை வடிவில் இருந்தால் மறுபடி எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், கண்ணாடியில் வெள்ளையாக அடிக்கும். இருட்டாக இருந்தால் இன்னொரு போனின் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து காட்டச் சொல்லுங்கள். கண்ணாடி மண்ணும் கீறலுமாக இருந்தால் ஒரு கை தண்ணீர் ஊற்றிவிட்டு, ஈரத்தோடேயே எடுங்கள். கீறல்களில் தண்ணீர் நிரம்பி எண் துலக்கமாகத் தெரியும்.

நம் ஊர்க் கட்டடங்களில் மொட்டை மாடியில் டேங்குக்குக் கீழே நாலைந்து மீட்டர் வரிசையாக நிற்கும். பிளம்பர் குழாய் வந்த பக்கத்துக்குப் பொருத்திவிட்டுப் போயிருப்பார், சில மீட்டர்கள் நமக்குத் தலைகீழாக இருக்கும். 00619 என்பதைத் தலைகீழாகப் பார்த்தால் 61900 என்றே அழகாக வாசிக்கலாம்! தகட்டில் m³ எழுத்து நேராக நிற்கும்படி நீங்கள் சுற்றி வந்து நின்று எடுங்கள். மீட்டரின் வரிசை எண்ணும் படத்தில் விழட்டும், பக்கத்து வீட்டு மீட்டரோடு மாறிவிடாமல் இருக்க அதுதான் சாட்சி. அந்த வரிசை எண்ணையே ரீடிங் என்று அனுப்புகிறவர்களும் உண்டு. ரீடிங் எப்போதும் சுழலும் உருளையில் இருக்கும், தகட்டில் அச்சிட்டதில் இருக்காது.

எடுக்கும் முன் வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிடுங்கள். முள்கள் நிற்கும், படம் கலங்காது. நடுவில் உள்ள சின்னப் பல்சக்கரத்தை ஒரு நிமிடம் பாருங்கள். எல்லாம் மூடிய பிறகும் அது ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. முதலில் கழிப்பறை ஃப்ளஷ் டேங்கைப் பாருங்கள், சத்தமே இல்லாமல் ஒழுகும் இடம் அதுதான்.

குழாய் எரிவாயு மீட்டருக்கும் இப்படித்தான் போட்டோ கேட்கிறார்கள். வீடுகளில் வைப்பதில் பொதுவாக முள் கிடையாது, கறுப்பு எண்களும் அவற்றுக்கு அடுத்துச் சிவப்புக் கட்டத்துக்குள் தசம எண்களும்தான். கறுப்பை மட்டும் எழுதுங்கள். கடைசிக் கறுப்பு எண் பாதியில் நின்றால் அதற்கு அடுத்த சிவப்பு எண்ணைப் பாருங்கள்: அது 9 என்றால் பழைய எண், 0க்கு வந்துவிட்டால் புது எண்.

ஓனருக்கு அனுப்பும்போது படத்தின் கீழேயே தேதியோடு "316, முள்கள் 972" என்று எழுதிவிடுங்கள். அவர் 317 என்று குறித்துக்கொண்டாலும் இப்போதைக்குப் பெரிய நஷ்டமில்லை. அடுத்த மாதக் கணக்கு 317இலிருந்து தொடங்கும், ஒரு கிலோலிட்டர் அங்கே குறைந்துவிடும். வீட்டைக் காலி செய்யும் மாதத்தில் மட்டும் அப்படி விடாதீர்கள். அதற்குப் பிறகு உங்கள் பெயரில் அடுத்த மாதம் இல்லை. அன்றைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய், இருவரும் சேர்ந்து முள்கள் வரை வாசித்து எழுதி, குழாய் மூடியிருக்கும்போதே படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.