எடையைச் சேர்த்ததும் புகை நல்லதாகிவிட்டதா?

முதுகலை மாணவி: சார், கர்ப்பகாலப் புகைப்பழக்கத்தால் சிசு இறப்பு கூடுகிறதா என்று பார்க்கிறேன். பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளை மட்டும் எடுத்தால், புகைத்த அம்மாக்களின் குழந்தைகளே அதிகம் பிழைக்கின்றன. எங்கே தப்பு?

கணக்கு சரியாகத்தான் இருக்கும். 1971-ல் கலிஃபோர்னியப் பிறப்புகளை வைத்துப் புள்ளியியலாளர் யெருஷால்மி சொன்னதும் இதேதான். எது எதைப் பாதிக்கிறது என்று ஒரு தாளில் அம்புகளைப் போட்டுப் பாருங்கள். புகையிலிருந்து எடைக்கு ஒன்று, இறப்புக்கு ஒன்று. பிறவிக் குறைபாட்டிலிருந்தும் எடைக்கு ஒன்று, இறப்புக்கு ஒன்று. எடையில் இரண்டு அம்புகள் வந்து முட்டுகின்றன, அதுதான் கொலைடர். அதை வைத்துக் குழந்தைகளைப் பிரித்தால் ஒப்பீடு ஏமாற்றும்.

நானே போட்ட எண்களில் சொல்கிறேன். இரு பக்கமும் 10,000 தாய்மார்கள், குறைபாடுள்ள குழந்தைகள் 100, எல்லாமே எடை குறைந்தவை. மற்றபடி எடை குறைந்தவை புகைக்காதவர்களிடம் 400, புகைத்தவர்களிடம் 900. குறைபாடிருந்தால் புகைக்காத பக்கம் 20 சதவீதம் இறக்கின்றன, புகைத்த பக்கம் 22. குறைபாடு இல்லையென்றால் 2, 3. புகை எங்கேயும் நன்மை செய்யவில்லை. ஆனால் எடை குறைந்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால் 500-க்கு 28, அதாவது 5.6 சதவீதம், புகைத்த பக்கம் 1,000-க்கு 49, அதாவது 4.9. புகையால் சிறுத்த குழந்தைகள் நிறையச் சேர்ந்ததால் குறைபாட்டின் பங்கு அங்கே நீர்த்துப்போனது.

ஒரு வாசகர்: இதற்குப் படம் எதற்கு? புகைக்கு முன்னால் நடந்ததை எல்லாம் அட்ஜஸ்ட் செய், அதாவது அதில் ஒரே மாதிரி இருப்பவர்களையே ஒப்பிடு, பின்னால் நடந்ததைத் தொடாதே. முடிந்தது!

பாதி சரி. எடை பின்னால் வருவது, அதனால் உங்கள் விதி இங்கே காப்பாற்றுகிறது. ஆனால் முன்னால் நடந்த ஒன்றிலும், நாம் அளக்காத இரண்டு காரணங்கள் வந்து முட்டலாம். ஒன்று புகைப்பழக்கத்தையும் மற்றொன்று இறப்பையும் பாதித்தால், அதை அட்ஜஸ்ட் செய்வதே புகைக்கும் இறப்புக்கும் இடையே மூடியிருந்த பொய்த் தொடர்பின் வழியைத் திறந்துவிடும். நடைமுறையில் இது எவ்வளவு பெரிய தொல்லை என்பதில் இன்னும் சண்டைதான்.

மருத்துவமனை ஊழியர்: நான் எதையும் அட்ஜஸ்ட் செய்யவே இல்லையே! எங்கள் வார்டில் எலும்பு முறிந்தவர்களுக்கு நிமோனியா ரொம்பக் குறைவு. எலும்பு முறிவு நுரையீரலைக் காக்குமா?

காக்காது. வார்டு வாசலே உங்களுக்காக அட்ஜஸ்ட் செய்துவிட்டது. முறிவும் ஆளை உள்ளே கொண்டுவருகிறது, நிமோனியாவும் கொண்டுவருகிறது. முறிவில்லாமல் படுத்திருப்பவருக்கு வேறு நோய் இருந்தே ஆகவேண்டும். 1946-ல் புள்ளியியலாளர் பெர்க்சன் சர்க்கரை நோயையும் பித்தப்பை அழற்சியையும் வைத்து இதைக் காட்டினார். வெளியே இருப்பவர்களின் தரவு இல்லாமல் எந்த மாடலும் உதவாது.

அதே மாணவி: அப்படியென்றால் எடையை எடுத்துவிடுகிறேன். குறைபாடு பற்றிய பதிவும் என்னிடம் இல்லை. பரவாயில்லையா?

புகையின் மொத்த விளைவுதான் கேள்வி என்றால் பரவாயில்லை, குறைபாட்டிலிருந்து புகைக்கு அம்பு இல்லை. ஆனால் குடும்ப வருமானத்தை விட்டுவிடாதீர்கள். அது புகைக்கும் இறப்புக்கும் அம்பு விடுகிறது. அப்புறம், எடை வழியாக வராத பாதிப்பு எவ்வளவு என்று உங்கள் கைடு கேட்டால், இந்தத் தரவில் பதில் இல்லை என்றே எழுதுங்கள்.