சுவரில் கோடு, தரையில் இடைவெளி: ஷேடோ மேப் பயஸை அளந்து வைப்பது எப்படி?

கேள்வி: வீவக புளோக் ஒன்றை முப்பரிமாணத்தில் சுற்றிப் பார்க்கும் செயலி செய்கிறேன். சூரிய ஒளிக்கு ஒரே ஷேடோ மேப்: 2048 × 2048, அகலம் 40 மீட்டர், near-இலிருந்து far வரை 100 மீட்டர், 3 × 3 பிசிஎஃப். ஷேடரில் பயஸ் 0.0005 வைத்தால் பகல் ஒரு மணி வெயிலில் சுவர் முழுக்கக் கறுப்புக் கோடுகள். 0.0035 வைத்தால் கோடு போய்விடுகிறது, ஆனால் மாலை ஐந்து மணிக்குத் தாழ்வாரக் கம்பியின் நிழல் ஒரு சாணுக்கு மேல் தள்ளி விழுகிறது. நடுவில் எந்த எண்ணும் சரிவரவில்லை. என்ன செய்வது?

பதில்: நடுவில் அப்படி ஓர் எண் இல்லை என்பதுதான் விஷயம். பயஸை மீட்டரில் எழுதிப் பார்த்தால் காரணம் உடனே தெரியும். ஆழ வீச்சு 100 மீட்டர் என்பதால் 0.0005 என்பது 5 செ.மீ., 0.0035 என்பது 35 செ.மீ. இனி எவ்வளவு தேவை என்று கணக்கிடலாம்.

40 மீட்டரை 2048-ஆல் வகுத்தால் ஒரு டெக்ஸலின் அகலம் 1.95 செ.மீ. அந்த அகலம் முழுவதற்கும் ஷேடோ மேப்பில் இருப்பது ஒரே ஓர் ஆழம். ஒளிக்குச் சாய்ந்திருக்கும் பரப்பில் டெக்ஸலின் ஒரு பாதி அந்த ஆழத்துக்கு முன்னும் மறு பாதி பின்னும் இருக்கும். பின்னால் இருக்கும் பாதி தன்னைத்தானே மறைப்பதாகக் கணக்கு வருவதால் கோடு விழுகிறது. 3 × 3 பிசிஎஃப் பக்கத்து டெக்ஸல்களையும் படிப்பதால் பிழை அரை டெக்ஸலோடு நிற்காமல் ஒன்றரை டெக்ஸல், அதாவது 2.93 செ.மீ. வரை போகும். தேவைப்படும் பயஸ் அந்த நீளத்தை tan θ-ஆல் பெருக்கினால் கிடைக்கும். θ என்பது பரப்பின் செங்குத்துக் கோட்டுக்கும் ஒளிக்கும் இடையிலான கோணம்.

சிங்கப்பூரில் இந்த θ இரண்டு எல்லைக்கும் போய்விடுகிறது. நாம் இருப்பது ஏறத்தாழ 1.3 பாகை வட அட்சரேகையில். மார்ச், செப்டம்பர் பிற்பகுதியில் பகல் ஒரு மணி வாக்கில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும். உச்சியிலிருந்து 5 பாகை விலகியிருப்பதாக வைத்துக்கொண்டால் தரைக்கு θ வெறும் 5, சுவருக்கோ 85. tan 85 = 11.4 என்பதால் சுவருக்கு 33 செ.மீ. பயஸ் வேண்டும், உங்கள் 5 செ.மீ. எப்படிப் போதும்? மாலை ஐந்து மணிக்குச் சூரியன் உச்சியிலிருந்து 60 பாகை போலச் சரிந்திருக்கும். அப்போது தரைக்கே 5 செ.மீ. போதும், ஆனால் நீங்கள் கொடுப்பது 35. நிழல் விலகும் தூரம் பயஸ் × sin 60, அதாவது 30 செ.மீ. அதில் பொருளின் தடிமன் கழியும். 4 செ.மீ. கம்பிக்கு 26 செ.மீ. இடைவெளி மிஞ்சுகிறது. அரை மீட்டர் தடிமனுள்ள கீழ்த்தளத் தூணுக்கு இடைவெளியே வராது. ஆகவே பீட்டர் பேனிங் எனப்படும் இந்த விலகலைச் சோதிக்கும்போது தூணைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். கம்பி, நாற்காலிக் கால், சைக்கிள் சக்கரம் இவற்றைப் பாருங்கள்.

பலரும் அடுத்து எடுப்பது சரிவுக்கேற்ற பயஸ், `glPolygonOffset`-இன் முதல் மதிப்பு. ஷேடோ மேப்பை வரையும்போது ஒவ்வொரு முக்கோணத்தையும் அதன் சரிவுக்கு ஏற்பப் பின்னுக்குத் தள்ளும். 1.5 கொடுத்தால் மாலையில் கம்பியின் வெயில் பட்ட முகம் 2 செ.மீ.-க்கும் குறைவாகவே நகரும், இடைவெளி மறையும். ஆனால் tan θ-க்கு உச்சவரம்பு கிடையாது. 89.5 பாகையில் அதே 1.5 ஒரு சுவரை 3 மீட்டருக்கு மேல் தள்ளிவிடும். அதற்குக் கடிவாளம் போட்டால் அந்தச் சுவரில் கோடு திரும்பிவிடும்.

இரண்டாவது மதிப்பான `units` பற்றியும் ஒரு வார்த்தை. 24 பிட் ஆழத்தில் உங்கள் வீச்சுக்கு ஒரு அலகு 0.006 மி.மீ. மட்டுமே. 1-ஐ 10 ஆக்கியும் மாற்றம் தெரியவில்லை என்று பலர் குழம்புவது இதனால்தான். 16 பிட்டில் அதே ஓர் அலகு 1.5 மி.மீ.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது நார்மல் ஆஃப்செட். ஆழத்தைத் தொடாமல், நிழல் வாங்கும் புள்ளியை அதன் செங்குத்துத் திசையில் சற்று வெளியே நகர்த்திவிட்டு ஷேடோ மேப்பைப் படிப்பது. செங்குத்தாக n நகர்ந்தால் ஒளியின் திசையில் n / cos θ விலகல் கிடைக்கும். அது டெக்ஸல் நீளம் × tan θ-க்குச் சமமாக இருக்க வேண்டும் என்றால், n = நீளம் × sin θ. tan போய் sin வந்துவிட்டது, sin ஒன்றைத் தாண்டாது. 33 செ.மீ. கேட்ட அதே சுவருக்கு 2.9 செ.மீ. போதும். சரிவு டெக்ஸல் கட்டத்தின் மூலைவிட்டமாக அமைந்தால் 1.4 மடங்கு வேண்டும் என்பதால் ஒன்றரைக்குப் பதில் 2 டெக்ஸல் வையுங்கள்.

```glsl
float NoL = clamp(dot(Ng, L), 0.0, 1.0);
float s = sqrt(1.0 - NoL * NoL);
vec3 p = worldPos + Ng * (2.0 * texelWorld * s);
vec4 c = lightViewProj * vec4(p, 1.0);
```

`texelWorld` உங்களுக்கு 0.0195. `Ng` முக்கோணத்தின் உண்மையான செங்குத்தாக இருக்க வேண்டும். நார்மல் மேப்பிலிருந்து எடுத்தால் செங்கல் வடிவத்தின் வரிகளில் கோடு மறுபடி எட்டிப் பார்க்கும். ஷேடரில் இருந்த 0.0035-ஐ எடுத்துவிட்டு, துல்லியப் பிழைக்காகச் சிறு அளவு மட்டும் வையுங்கள்:

```c
glEnable(GL_POLYGON_OFFSET_FILL);
glPolygonOffsetClamp(1.0f, 16.0f, 0.0003f);
```

கடைசி எண் உச்சவரம்பு, 3 செ.மீ. இந்த அழைப்பு ஓப்பன்ஜிஎல் 4.6-இல் உள்ளது. ஆழத்தைத் தலைகீழாக வைத்திருந்தால் மூன்று எண்களையும் எதிர்மறையாக்க வேண்டும்.

இப்போது மாலைத் தரையைப் பாருங்கள். புள்ளி 3.4 செ.மீ. மேலே போகிறது. கம்பியின் அடியில் நிழல் ஒட்டியே இருக்கும், ஏனென்றால் உயர்த்திய புள்ளியிலிருந்து சூரியனை நோக்கிப் போனாலும் கம்பிதான் குறுக்கே நிற்கிறது. இழப்பு நிழலின் மறுமுனையில்: 3.4 × tan 60, கிட்டத்தட்ட 6 செ.மீ. சுருங்கும். அதை யாரும் கவனிக்கப்போவதில்லை. ஆனால் 3.4 செ.மீ.-ஐ விடத் தாழ்ந்த பொருள்கள், வாசலில் கிடக்கும் செருப்பு போன்றவை, நிழலை இழந்துவிடும். சுவரிலிருந்து 3 செ.மீ. மட்டுமே நீட்டியிருக்கும் விளிம்பின் நிழலும் பகலில் காணாமல் போகும். அவை முக்கியம் என்றால் பயஸைக் குறைக்காதீர்கள், டெக்ஸலைச் சிறிதாக்குங்கள். மேப்பின் அகலத்தை 20 மீட்டராக இறுக்கினால் எல்லா எண்ணும் பாதியாகும்.

பின்முகங்களை மட்டும் ஷேடோ மேப்பில் வரைவது என்ற பழைய வழியைச் சிலர் சொல்வார்கள். கட்டட மாதிரிகளில் சுவர் பெரும்பாலும் தடிமனில்லாத ஒற்றைத் தகடு. முன்முகமும் பின்முகமும் ஒரே இடத்தில் இருப்பதால் உங்களுக்கு அதில் பயனில்லை.

இவ்வளவு செய்தும் கோடு மிஞ்சினால் மேப்பை 4096 ஆக்கி, `texelWorld`-ஐ மாற்றாமல் பாருங்கள். கோட்டின் அகலம் பாதியானாலோ கோடே மறைந்தாலோ டெக்ஸல் பிழைதான், பெருக்கலை 2.0-இலிருந்து 2.5 வரை ஏற்றலாம். அகலம் மாறாவிட்டால் பயஸைத் தொடாதீர்கள்: ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுவர்த் தகடுகள் இருக்கின்றனவா, செங்குத்து தலைகீழாகத் திரும்பியிருக்கிறதா என்று மாதிரியில் தேடுங்கள். பின்னாளில் பல அடுக்கு ஷேடோ மேப்புக்கு மாறினால் ஒவ்வோர் அடுக்குக்கும் அதனதன் `texelWorld`-ஐ அனுப்புங்கள். முதல் அடுக்கின் எண்ணே எல்லாவற்றுக்கும் போனால், அருகில் சுத்தமாக இருக்கும் காட்சி தூரத்து புளோக்கின் சுவரில் மட்டும் கோடு போடும்.