பாத்டப்பை எடுத்த பிறகு: தரை வாட்டமும் வடிகாலும்

எங்களுடையது மூன்றாம் மாடி ஃபிளாட். பாத்ரூம் 8 அடிக்கு 5 அடி. கடைசிச் சுவரோரம் கிடந்த பாத்டப்பை எடுத்துவிட்டு, தடுப்பில்லாமல் முழுத்தரையிலும் டைல்ஸ் பதித்து அங்கேயே ஷவர் வைக்கப் போகிறோம். நீளச் சேனல் போடவா, சதுர ட்ராப் போதுமா? மேசன் பாஸ் ட்ராப்பே போதும் என்கிறார். – வாசகி, வெள்ளவத்தை

அவர் சொல்வது பிழையில்லை. ஆனால் இரண்டும் தரையை வேறு வேறு விதமாக மடிக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உங்கள் கணக்கையே எடுப்போம். கடைசி 3 அடி, அதாவது 900 மி.மீ., ஷவர் பகுதி. அதற்கு 60-க்கு 1 என்று வாட்டம் கொடுத்தால் 15 மி.மீ. இறக்கம் வரும். மீதி 5 அடியில் கொமோடும் பேசினும் இருக்கும். அங்கே 100-க்கு 1 போதும், அதுவும் 15 மி.மீ. ஆக, வாசலில் இருந்து கடைசிச் சுவர் வரை தரை மொத்தம் 30 மி.மீ. இறங்குகிறது. சேனலை அந்தச் சுவரோரம் போட்டால் தரை ஒரே திசையில்தான் சாயும். எனவே 2 அடிக்கு 2 அடி டைல்ஸைக்கூட மூலைவிட்டமாக வெட்டாமல் பதிக்கலாம். வாட்டம் மாறும் கோட்டில் மட்டும் ஒரு இணைப்பு வரும்படி பார்த்துக்கொண்டால் சரி.

சதுர ட்ராப்பை ஷவர் பகுதியின் நடுவில் வைத்தால் தரை நான்கு பக்கமாக மடியும். ட்ராப்பில் இருந்து பக்கச்சுவர் 750 மி.மீ., பின்சுவர் 450 மி.மீ., மூலை 875 மி.மீ. தூரம். விளிம்பு முழுவதும் ஒரே மட்டத்தில் இருந்து 15 மி.மீ. இறங்கினால் மூலையில் 58-க்கு 1 வாட்டம், பின்சுவர்ப் பக்கம் 30-க்கு 1. அந்தச் செங்குத்து காலுக்கு நன்றாகவே தெரியும். பெரிய டைல்ஸ் போட்டால் மூலைவிட்டமாக வெட்டத்தான் வேண்டும். 2 அங்குல மொசைக் என்றால் வளைவோடு தானாகப் படிந்துவிடும். சிறிய டைல்ஸ் பிடிக்கும் என்றால் ட்ராப்பே போடுங்கள், செலவும் குறைவு. பெரிய டைல்ஸ்தான் வேண்டும் என்றால் சேனல்.

ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் டப்பை எடுத்து, கீழே உள்ள கொங்கிறீற்று எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று டேப்பால் அளந்து பாருங்கள். கழிவுக் குழாய் பக்கவாட்டில் போக வேண்டியிருந்தால் டைலுக்கும் பசைக்கும் 15 மி.மீ., தட்டையான சேனல் உடலுக்கு ஏறத்தாழ 75 மி.மீ., பெரிய குழாய்வரை 1.5 மீட்டர் தூரம் என்றால் 40-க்கு 1 வாட்டத்தில் இன்னும் 38 மி.மீ. எல்லாம் சேர்ந்து 5 அங்குலம். கொங்கிறீற்று தாழ்த்திப் போடப்பட்ட பாத்ரூமில் இது தாராளமாக அடங்கும். தாழ்த்தப்படாத தளத்தில் அடங்காது. அங்கே டப்பின் பழைய துளை கீழ் வீட்டு சீலிங்குக்குள் இறங்கியிருக்கும். அதே துளைக்கு நேர் மேலே ட்ராப்பை வைக்கலாம், அல்லது நேர்கீழாக வடியும் சேனலை வாங்கலாம். எப்படியும் சீலிங்கைத் திறக்க வேண்டிவரும் என்பதால் கீழ் வீட்டாரிடமும் தொடர்மாடி முகாமைத்துவத்திடமும் முதலிலேயே பேசிவிடுங்கள். புதிதாகத் துளை போடலாம் என்று யாராவது சொன்னால், அனுமதியில்லாமல் சம்மதிக்காதீர்கள்.

சேனல் போட்டும் ஷவர் மூலைகள் இரண்டிலும் தண்ணீர் தேங்குகிறது. வாட்டம் போதாதா? – வாசகர், தெஹிவளை

வாட்டம் சரியாகவே இருக்கலாம். சேனலின் நீளம் என்ன என்று பாருங்கள். 5 அடிச் சுவருக்கு 900 மி.மீ. சேனல் போட்டால் இரு பக்கமும் 300 மி.மீ. மிஞ்சும். தரை சுவரை நோக்கித்தான் சாய்கிறது, அதனால் அந்தத் துண்டுகளுக்கு வந்த தண்ணீருக்குப் போக வழியில்லை. அந்த இரு துண்டுகளையும் பெயர்த்து, சேனலை நோக்கி பக்கவாட்டு வாட்டம் கொடுத்துத் திரும்பப் பதித்தால் போதும். சுவரின் முழு அகலத்துக்கும் சேனல் வாங்கியிருந்தால் இந்த வேலையே இல்லை. மலிவாகக் கிடைத்தது என்று நீளம் குறைந்ததை எடுத்து வருகிறவர்கள்தான் அதிகம்.

சேனலின் மூடி டைல்ஸை விட ஒன்றிரண்டு மி.மீ. தாழ்ந்திருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள். மூடி மேலே நின்றால் தண்ணீர் அதன் ஓரத்திலேயே கோடு போட்டதுபோல் நிற்கும்.

டைல்ஸுக்குக் கீழே வாட்டர்ப்ரூபிங் அடித்த பிறகும் வாட்டம் முக்கியமா? – வாசகர், வத்தளை

முக்கியம், அதுவும் இரண்டு இடத்தில். டைல்ஸ் இணைப்புகள் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் கீழே இறங்கும். வாட்டர்ப்ரூபிங்கை மட்டமான கொங்கிறீற்றில் அடித்து, அதன் மேல் சாந்தில் மட்டும் வாட்டம் கொடுத்தால், இறங்கிய தண்ணீர் சாந்துக்குள்ளேயே ஊறிக் கிடக்கும். குளித்து இரண்டு நாள் ஆகியும் இணைப்புகள் கருமையாகவே இருப்பது, தாழ்ந்த ஓரத்தில் வெள்ளை உப்புப் பூப்பது, அழுகிய வாடை வருவது எல்லாம் அதன் அடையாளங்கள். எனவே முதலில் சாந்தில் வாட்டம், அதன் மேல் வாட்டர்ப்ரூபிங், அதற்கு மேல் பசையும் டைல்ஸும். அந்தப் பூச்சு ட்ராப்பின் விளிம்பு வளையத்தின் மேல் ஏறி ஒட்டியிருக்க வேண்டும். ஷவர்ச் சுவரில் தலைக்கு மேல் வரையும், மற்றச் சுவர்களில் குறைந்தது 6 அங்குலமும் ஏற வேண்டும்.

டைல்ஸ் பதிப்பதற்கு முன் வடிகாலை அடைத்து, வாசலில் சாந்தால் வரம்பு கட்டி, தரையின் உயரமான இடமும் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு 24 மணி நேரம் விடுங்கள். சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறித்து வையுங்கள். மறுநாள் மட்டம் இறங்கியிருந்தாலோ, கீழ் வீட்டு சீலிங்கில் ஈரம் தெரிந்தாலோ டைல்ஸ் பெட்டியைத் திறக்காதீர்கள்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, வோக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். வாட்டம் கூடினால் ஆபத்தா? – வாசகி, கொட்டாஞ்சேனை

50-க்கு 1-ஐத் தாண்டாதீர்கள். அதற்கு மேல் போனால் வோக்கர் தானாக நகரப் பார்க்கும். ஒரே திசையில் சாயும் தரை அவருக்கு நல்லது, நான்கு மடிப்புத் தரையில் வோக்கரின் நான்கு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்காது. உங்களுக்குச் சேனல்தான். பளபளப்பில்லாத டைல்ஸை, R11 என்று பெட்டியில் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். கைப்பிடியை டைல்ஸில் மட்டும் திருகாமல், கொங்கிறீற்று அல்லது கல்சுவர் வரை ஆழமாகப் பூட்டச் சொல்லுங்கள்.

விருந்தினர் பாத்ரூமில் சேனலில் இருந்து நாற்றமும் கரப்பானும். – வாசகர், பம்பலப்பிட்டி

யாரும் குளிப்பதில்லை, அதுதான் காரணம். ட்ராப்பில் நிற்கும் 50 மி.மீ. தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிறது. சில வாரங்களில் அது ஆவியாகிவிடும். தட்டையான சேனல்களில் சிலவற்றில் தண்ணீர் இதைவிடக் குறைவாகவே நிற்கும், அவை இன்னும் சீக்கிரம் காயும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நாற்றம் நின்றால் விஷயம் முடிந்தது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றுங்கள். நிற்காவிட்டால் மூடியைத் தூக்கி உள்ளே உள்ள கிண்ணம் இருக்கிறதா, அதன் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். துப்புரவு செய்கிறவர்கள் சிக்கிய தலைமுடியை எடுக்கக் கிண்ணத்தைக் கழற்றிவிட்டுத் திரும்ப வைக்க மறப்பதுண்டு.

அப்புறம், நீங்கள் கடலோரம். சேனல் மாற்றுவதாக இருந்தால் 304 அல்ல, 316 எவர்சில்வர் கேளுங்கள். எதுவானாலும் டைல்ஸ் கறைக்கு ஊற்றும் அசிட்டை அதன் மேல் படவிடாதீர்கள், ஒரே தடவையில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.