‘போன தடவை மாதிரியே’ என்றால் எந்த மாதிரி?

கேள்வி: வாட்ஸ்அப்பில் ஒரு கஸ்டமர் “போன தடவை மாதிரியே போட்டுடுங்க” என்று மட்டும் அனுப்பியிருக்கிறார். மேலே பழைய சாட் ஒன்றுமே இல்லை. என்ன பதில் போடுவது? கேட்டால் தப்பாக நினைப்பாரா?

நீங்கள் என்ன தொழில் என்று சொல்லவில்லை. எங்களை மாதிரி சின்ன அச்சகம் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தையல்கடை என்றால் கொஞ்சம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அனுப்ப வேண்டியது இதுதான்: “அண்ணே, போன் மாத்தினதுல பழைய மெசேஜ் போயிடுச்சு. இப்ப ஓடிட்டிருக்கிற பில் புக்கோட கடைசித் தாளை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, பக்கத்துல ஸ்கேல் வச்சு.” சாட் போனது வேறு காரணத்தால் என்றால் அந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். “என்ன மாதிரி போன தடவை?” என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். அதற்கு “அதான்பா, பில் புக்” என்றுதான் பதில் வரும்.

தப்பாக நினைப்பாரோ என்று கேட்டீர்கள். அந்த எண்ணத்தில்தான் நான் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து ரப்பர் ஸ்டாம்ப் குத்தினேன்.

ஒரு பாத்திரக்கடைக்காரர். “போன தடவை மாதிரியே 10 புக், வெள்ளிக்கிழமை வேணும்” என்று மெசேஜ். சாட் காலி. ஆனால் கம்ப்யூட்டரில் அவர் கடைப் பேரில் ஃபோல்டர் இருந்தது, உள்ளே bill_final2.cdr இருந்தது. கூடவே பழைய ஜாப் கார்டு ஒன்று: 10 புக், புக்குக்கு 50 பில், மூன்று காப்பி, நம்பர் 1 முதல் 500. ஆகா, எல்லாம் கையில் இருக்கிறதே, இவரிடம் போய்க் கேட்டால் ‘நம்மளை மறந்துட்டான்’ என்று நினைப்பாரே என்று 501-இல் இருந்து நம்பர் அடித்துக் கொடுத்துவிட்டேன்.

நடுவில் ஒரு தடவை அவர் என் தம்பி போனுக்குச் சொல்லி, 501 முதல் 1000 வரை ஏற்கெனவே அடித்து வாங்கிப் போயிருக்கிறார். அந்த ஜாப் கார்டு ஃபோல்டருக்கு வரவே இல்லை. டிசைன் ஃபைலைப் பார்த்தாலும் தெரியாது, ஏனென்றால் நம்பர் ஃபைலில் இருப்பதில்லை; அச்சான பிறகு நம்பரிங் மிஷினில் தனியாக விழுகிறது.

ஜிஎஸ்டி பில்லில் ஒரே நிதியாண்டுக்குள் ஒரே நம்பர் இரண்டு தடவை வரக்கூடாது. 517-ஆம் பில் எழுதும்போதுதான் அந்தக் கடைப் பையன் கண்டுபிடித்தான். எழுதிய பில்களை அவர்கள் ஆடிட்டர் பார்த்துக்கொண்டார். மீதிக்கு அவர் சொன்ன வழி, நம்பருக்கு முன்னால் ஓர் எழுத்தும் சாய்கோடும் சேர்த்துத் தனி வரிசையாக ஆக்கிவிடுவது. அதற்கு விதி இடம் கொடுக்கிறது, மொத்தம் 16 எழுத்துக்குள் இருந்தால் போதும். முதல் புக்கை ஒதுக்கிவிட்டு 9 புக், 50 பில், மூன்று காப்பி என்று 1350 தாளில் “B/” குத்தினேன். கார்பன் வைக்காத என்சிஆர் பேப்பர் என்பதால் மேல்தாளில் அழுத்தினால் கீழ்த்தாளிலும் பதிகிறது. ஒவ்வொரு தாளுக்கும் அடியில் அட்டை சொருகிச் சொருகிக் குத்தினேன். கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை.

அதனால்தான் கடைசித் தாள் என்கிறேன். முதல் தாள் வேண்டாம், புதுப் புக் எங்கே தொடங்க வேண்டும் என்பது கடைசித் தாளின் நம்பரில் இருக்கிறது. அதற்கும் மேலே பிரிக்காத புக் அலமாரியில் எத்தனை இருக்கிறது என்று தனியாகக் கேளுங்கள்; பல பேருக்கு இருக்கும், சொல்ல மாட்டார்கள். ஸ்கேல் பக்கத்தில் இருப்பதால் சைஸ் தெரிந்துவிடும். போட்டோவில் தெரியாதவை இரண்டு மூன்றுதான்: புக்குக்கு எத்தனை பில், கீழே என்ன என்ன கலர் காப்பி, எந்தக் காப்பி கிழிகிற மாதிரி பெர்ஃபரேஷன், எது புக்கிலேயே நிற்க வேண்டும்.

அப்புறம், போன தடவை மாதிரியே அடிக்கவே கூடாத இடமும் உண்டு. இதே பாத்திரக்கடை பில்லில் அடியில் சிஜிஎஸ்டி 6%, எஸ்ஜிஎஸ்டி 6% என்று அச்சிலேயே இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சமையல் பாத்திரங்களுக்கு 12% போய் 5% ஆகிவிட்டது. அடுத்த தடவையும் அந்த ஃபைலை அப்படியே அச்சு பிளேட் போட்டிருந்தால் அத்தனை பில்லிலும் அவர் கையால் அடித்துத் திருத்த வேண்டும். விகிதத்தை அச்சடிக்காமல் கோடு மட்டும் விட்டுவிடுங்கள் என்று இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். கடை விலாசம், போன் நம்பர் மாறியிருக்கிறதா என்றும் அதோடு கேட்டுவிடுவேன்.

எல்லாம் வந்ததும் நானே முழுசாக எழுதி அனுப்புவேன்: “10 புக், 50 பில், மூணு காப்பி வெள்ளை, பிங்க், மஞ்சள், நம்பர் 1501 முதல் 2000, வரி விகிதம் அச்சில் இல்லை. சரின்னா சரின்னு போடுங்க, பிளேட் போடறேன்.” அந்தச் ‘சரி’ வராமல் பிளேட் போடுவதில்லை. வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபோல்டரில் போட்டுவிடுவேன், ஏனென்றால் சில கஸ்டமர்கள் 7 நாளில் மெசேஜ் மறைகிற செட்டிங் போட்டிருக்கிறார்கள். அது அவர்கள் பக்கம் போட்டாலும் நம் பக்கமும் போய்விடும்.

இன்னொன்று. சாட்டில் ஒன்றும் இல்லை என்றால் சாட் அழிந்தது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையிலேயே ஒன்றும் இருந்திருக்காது என்பதும் உண்டு. போன மாதம் ஒருவர் இப்படித்தான் அனுப்பினார், போட்டோ கேட்டேன், வந்தது. பில்லின் அடியில் பொடி எழுத்தில் வேறொரு அச்சகத்தின் பேர்! அவர் நம்பர் மாற்றி அனுப்பிவிட்டார். “அட, பரவாயில்லண்ணே, நீங்களே போட்டுடுங்க” என்றார்.

‘இவ்வளவு கேள்வி கேட்டால் கஸ்டமர் ஓடிவிடுவான்’ என்று யாராவது கீழே எழுதுவீர்கள், தெரியும். விசிட்டிங் கார்டுக்கு நானும் இத்தனை கேட்பதில்லை. நம்பர் ஓடுகிற வேலைக்கு மட்டும்தான். இதுவரை யாரும் ஓடவில்லை.

ஓடுவது வேறு விஷயத்துக்கு. ‘போன தடவை மாதிரியே’ என்பதில் ரேட்டும் அடக்கம் என்று நினைக்கிறார்கள் பாருங்கள், அதற்கு என்னிடம் வழி இல்லை. சைஸ் மறந்துபோகும், கலர் மறந்துபோகும், எத்தனை காப்பி என்பது சுத்தமாக மறந்துபோகும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொடுத்த விலை மட்டும் பைசா சுத்தமாக ஞாபகம் இருக்கும். பேப்பர்க்காரரிடம் நான் ‘போன தடவை மாதிரியே’ என்று மெசேஜ் போட்டால் அவர் ப்ளூ டிக்கோடு சரி, பதிலே போடுவதில்லை.