ஸ்கேனர் வரவும் சொன்ன விற்பனையும்

"கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் பழம் விற்கிறேன். 2024-25க்கு 11,80,000 விற்பனை காட்டினேன். யுபிஐ வரவே 15,40,000 இருக்கிறதே, வித்தியாசம் என்ன என்று வருமான வரியிலிருந்து கடிதம். சீட்டுப் பணம், பக்கத்து இளநீர்க்காரர் காசு எல்லாம் என் ஸ்கேனரில்தான் வந்தது. ஸ்டேட்மென்டும் மண்டி பில்லும் இணைத்திருக்கிறேன். எப்படிப் பதில் எழுதுவது?"

கழித்துப் பார்த்து வரும் 3,60,000க்கு மட்டும் காரணம் தேடாதீர்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். நீங்கள் காட்டிய 11,80,000 ரொக்கமும் சேர்ந்த மொத்த விற்பனை. 15,40,000ல் ரொக்கமே கிடையாது. 3,60,000ஐ எப்படியோ சரிக்கட்டினாலும், "அப்போது வருஷம் முழுக்க ஒருவர்கூடக் கையில் காசு தரவில்லையா?" என்று அடுத்த கேள்வி வரும்.

ஸ்டேட்மென்டில் விற்பனை அல்லாததை முதலில் ஒதுக்கினேன். உங்கள் இன்னொரு கணக்கிலிருந்து மாற்றியது 90,000, சீட்டு எடுத்தது 1,00,000, இளநீர்க்காரருடையது 80,000. ஆக 2,70,000 போக, யுபிஐ விற்பனை மட்டும் 12,70,000. மண்டி பில் 11,20,000. நீங்கள் வைக்கும் லாபத்தையும் அழுகலையும் பார்த்தால் மொத்த விற்பனை சுமார் 14,00,000 வருகிறது. அதாவது ரொக்கம் 1,30,000. காட்டியதைவிட 2,20,000 கூடுதல். அதை ஒப்புக்கொண்டுதான் எழுத வேண்டும்.

பயப்பட வேண்டாம். சிறு வியாபாரிகளுக்கான 44ஏடி பிரிவில் யுபிஐ விற்பனைக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் லாபம்: 76,200 + 10,400 = 86,600. கையில் நின்ற லாபம் அதைவிட அதிகமென்றால் அதையே காட்டுங்கள். வேறு வருமானம் இல்லாமல் மொத்தம் 3 லட்சத்தைத் தாண்டாவிட்டால், புதிய முறையில் வரியே இல்லை. திருத்திய ரிட்டர்னுக்குக் கெடு இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

"கைமாற்று வாங்கினேன் என்று எழுதிவிடு, யார் கேட்கப் போகிறார்கள்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்பார்கள். கொடுத்தவர் யார், அவருக்கு அவ்வளவு வசதி உண்டா என்று காட்ட முடியாவிட்டால் அது கணக்கில் வராத பணம். விற்பனை என்றால் அதில் 6 சதவீதம்தான் வருமானம். கணக்கில் வராத பணம் என்றால் 2024-25க்கு முழுத் தொகைக்கும் 60 சதவீத வரி, சர்சார்ஜ் தனி.

ஒதுக்கிய ஒவ்வொன்றுக்கும் தேதி, தொகை, 12 இலக்க யுபிஐ எண் வைத்து ஒரு பட்டியல் இணையுங்கள். சீட்டுக்குப் பாஸ்புக் நகல், சொந்த மாற்றத்துக்கு இரண்டு கணக்கு ஸ்டேட்மென்டும் போதும். சிக்கல் இளநீர்க்காரருடையதில்தான். 80,000ல் 65,000ஐ அன்றன்றைக்கே அவருக்கு யுபிஐயில் திருப்பியிருக்கிறீர்கள், அது தெளிவு. ரொக்கமாகக் கொடுத்த 15,000க்கு அவர் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். தர மறுத்தால் அதையும் உங்கள் விற்பனையிலேயே சேர்த்துவிடுங்கள்; கூடுவது 900 ரூபாய் வருமானம்தான்.