கடை வாடகையில் சேர்ந்த 9%: செலவா, திரும்ப வரும் வரியா?

கேள்வி: சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் தையல் கடை நடத்துகிறோம். மாத வாடகை 4,000 வெள்ளி. இந்த மாதம் உரிமையாளர் ஜிஎஸ்டி என்று 360 வெள்ளி சேர்த்துக் கேட்கிறார். அதைத் திரும்பப் பெற முடியுமா? கணக்கில் எப்படி எழுதுவது?

பதில்: முதலில், உரிமையாளருக்கு அந்த வரியை வசூலிக்கும் உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். ஜிஎஸ்டி-க்குப் பதிவு செய்தவர் மட்டுமே அதை வசூலிக்கலாம். அவருடைய பதிவை உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்த்துவிடலாம். மாடியில் குடியிருக்கும் பகுதியும் இதே வாடகையில் அடங்கியிருந்தால் அந்தப் பங்குக்கு வரி கிடையாது, ஏனெனில் குடியிருப்பு வாடகைக்கு விலக்கு உண்டு.

அடுத்து, எல்லாம் உங்கள் பதிவைப் பொறுத்தது. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாததால் நீங்கள் பதிவு செய்யாதிருந்தால், 360 வெள்ளியைத் திரும்பப் பெற வழியில்லை. முழு 4,360 வெள்ளியும் உங்கள் வாடகைச் செலவு. ஆண்டுக்குச் செலவு 4,320 வெள்ளி கூடும். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், 17 விழுக்காடு வரி கட்டும் நிறுவனத்துக்கு அதனால் மிச்சமாவது ஏறத்தாழ 734 வெள்ளிதான்.

பதிவு செய்திருந்தால் கணக்கு வேறு. செலவாக எழுத வேண்டியது 4,000 மட்டுமே. 360 வெள்ளியை, நீங்கள் வசூலித்த வரியிலிருந்து கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி என்ற தனிக் கணக்கில் வையுங்கள். மூன்று மாதங்களுக்கான GST F5 படிவத்தில் வாடகை 12,000 வெள்ளி 5ஆம் பெட்டியிலும், வரி 1,080 வெள்ளி 7ஆம் பெட்டியிலும் சேரும். அந்தக் காலாண்டில் வாடிக்கையாளர்களிடம் வசூலித்த வரி 2,700 வெள்ளி என்றால், வேறு உள்ளீட்டு வரி இல்லாதபோது நீங்கள் கட்ட வேண்டியது 1,620 வெள்ளி.

இதற்கு உரிமையாளர் தரும் வரி விலைச்சீட்டு கையில் இருக்க வேண்டும். அதில் அவருடைய ஜிஎஸ்டி பதிவு எண்ணும், வரித் தொகையும், உங்கள் நிறுவனத்தின் பெயரும் இருப்பது அவசியம். தனிநபர் தொழிலை நிறுவனமாக மாற்றியவர்கள் இங்குதான் மாட்டிக்கொள்கிறார்கள்: ஒப்பந்தமும் விலைச்சீட்டும் முதலாளியின் பெயரிலேயே தொடர, கோரிக்கையை நிறுவனம் வைக்கிறது. வங்கிப் பரிமாற்றச் சீட்டு இதற்கு ஈடாகாது.

பதிவு செய்த சிலர், வேலை குறையட்டும் என்று 4,360 வெள்ளியையும் வாடகையாக எழுதிவிடுகிறார்கள். இது இரட்டை நட்டம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். திரும்பப் பெறத் தகுதியுள்ள வரியைக் கோராமல் விட்டால், அதை வருமான வரியிலும் செலவாகக் கழிக்க முடியாது. வாடகைப் பேரேட்டில் மாதத் தொகை ஒப்பந்த வாடகையைவிடச் சரியாக 9 விழுக்காடு கூடுதலாக நின்றால் இந்தப் பிழை நடந்திருக்கிறது என்று அறியலாம். அப்படியிருந்தால் செலவிலிருந்து வரியைப் பிரித்தெடுத்து, விலைச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஐந்தாண்டுக் காலவரம்புக்குள் பின்னர் வரும் படிவத்தில் கோருங்கள்.