மேஜை டிராயரில் தூங்கும் கருத்துச் சீட்டுகள்: ஹோட்டல்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

ரிசப்ஷன் சூப்பர்வைசர் ஒருவர்: அண்ணா, செக்-அவுட் நேரத்தில் கருத்துச் சீட்டு வாங்கி வைக்கிறோம். மாதக் கடைசியில் மேனேஜர் கட்டைப் புரட்டிப் பார்த்து "கவனிக்கணும்" என்பார், அதோடு சரி. இதை வைத்து என்னதான் செய்வது?

ஒரு நோட்டு போடுங்கள் தம்பி. ஒரு புகாருக்கு ஒரு வரி: தேதி, அறை எண், எத்தனை மணிக்கு நடந்தது, விருந்தினர் எழுதிய வார்த்தை அப்படியே. "பிளம்பிங்", "ஹவுஸ்கீப்பிங்" என்று துறை பெயர் போட்டு எழுதாதீர்கள். துறை பெயர் போட்டால் அது யாருடைய தலைவலி என்று தெரியும், என்ன நடந்தது என்று தெரியாது. ரிசப்ஷனுக்குப் போனில் வரும் புகாரையும் அதே நோட்டில் ஏற்றுங்கள்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எட்டு மாடிக் கட்டடம். அறுபது நாளில் வெந்நீர் வரவில்லை என்று 11 புகார். ஒவ்வொன்றுக்கும் மெயின்டனன்ஸ் ஆள் போயிருக்கிறார், குழாயைத் திறந்திருக்கிறார், வெந்நீர் வந்திருக்கிறது, "சரிபார்க்கப்பட்டது" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. விருந்தினரும் பொய் சொல்லவில்லை.

ஒரு வெள்ளைத் தாளில் கட்டடத்தையே கட்டமாக வரைந்தேன். மாடிகள் குறுக்கே, அறைகள் நெடுக்கே. புகார் வந்த அறையில் ஒரு புள்ளி. 11 புள்ளியில் 7 புள்ளி 06, 07 என்று முடியும் அறைகளில், ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. 306, 307, 406, 507 என்று. மீதி நாலும் ஆளுக்கொரு பக்கம். அந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் குழாய்கள் ஏறும் ஒரே டக்ட், அதில் ஒரே வெந்நீர் ரைசர், அதாவது மாடிக்கு மாடி மேலே ஏறும் குழாய். அப்புறம் நேரத்தைப் பார்த்தேன். ஏழுமே காலை ஆறரைக்கு முன்னால். மெயின்டனன்ஸ் ஆள் போனதோ பத்து மணிக்கு. அதற்குள் பத்துப் பேர் குளித்து முடித்து, குழாயில் நின்ற ஆறின தண்ணீரையெல்லாம் இழுத்து விட்டிருப்பார்கள்.

மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு வாளி, தெர்மாமீட்டர், போனில் ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கொண்டு போனோம். 509ல் குழாயைத் திறந்து இருபது விநாடியில் சூடு வந்தது. 507ல் கிட்டத்தட்ட நாலு நிமிடம். ராத்திரி யாரும் திறக்காவிட்டாலும் ரைசரில் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருப்பதற்காகத்தான் ரிட்டர்ன் லைனும் சர்க்குலேஷன் பம்பும் வைத்திருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் ஆறு ரிட்டர்ன் குழாய் வரிசையாக வருகிறது. கை வைத்துப் பார்த்தால் ஐந்து சூடு, ஒன்று சில்லென்று. அதன் வால்வு மூடியிருந்தது. சில மாதம் முன்பு ஒரு கசிவை அடைக்க மூடியவர் திறக்க மறந்துவிட்டார். சரிசெய்ய ஆன செலவு கொஞ்சம் ஸ்பேனர் வேலைதான். கண்டுபிடிக்கத்தான் இரண்டு மாதம்.

ஹோட்டல் உரிமையாளர் ஒருவர்: சார், நாங்கள் 15 கேள்வி சர்வே அனுப்புகிறோம். எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு, சராசரி 5க்கு 4.4. அது இறங்காத வரைக்கும் பிரச்சினை இல்லை என்றுதானே அர்த்தம்?

பாதி சரி. இந்த மாதத்தையும் போன மாதத்தையும் ஒப்பிட சராசரி உதவும். ஆனால் நான் சொன்ன ஏழு பேரில் பாதிப் பேர் குளியலறைக்கு 4 மார்க் போட்டிருந்தார்கள். டைல்ஸ் பளிச்சென்று இருந்ததே, அதற்காக. கோபத்தை மார்க்கில் காட்டாமல் கீழே ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்கள். அந்த வரியைப் படிக்காமல் 4ஐ மட்டும் கூட்டினால் வால்வு இன்னும் மூடியே இருந்திருக்கும்.

பதினைந்து கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறவர் குறைவு. பாதிக்கு மேல் எல்லாவற்றுக்கும் ஒரே மார்க்கைத் தட்டிவிட்டுப் போவார்கள். நான் இரண்டே கேள்விதான் வைப்பேன்: "தங்கியதில் எது சரியில்லை?", "அது எப்போது நடந்தது?" இரண்டாவது கேள்விக்கு விடிகாலை, பகல், மாலை, ராத்திரி என்று நாலு கட்டம். பேப்பரா க்யூஆர் கோடா என்று பலர் கேட்கிறார்கள். எதுவானாலும் சரி, அறை எண் தானாகவே பதிவாகும்படி வையுங்கள். விருந்தினரையே எழுதச் சொன்னால் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள்.

ஹோட்டல் மெயின்டனன்ஸ் இன்ஜினியர் ஒருவர்: வால்வைத் திறந்தது சரி. ஆனால் முழுக்கத் திறந்துவிட்டால் தண்ணீர் அந்த ரைசரில் சுலபமாக ஓடி, தூரத்து ரைசரில் சுற்றுவது குறைந்துபோகுமே. பேலன்ஸ் செய்தீர்களா?

அங்கேதான் சறுக்கினோம். பத்தே நாளில் கட்டடத்தின் மறுகோடி வரிசையிலிருந்து இரண்டு சீட்டு வந்தது, அதே வெந்நீர், அதே விடிகாலை. தாளில் புள்ளி இடம் மாறியதால்தான் புரிந்தது. அப்புறம் ஆறு ரிட்டர்னிலும் தெர்மாமீட்டர் கட்டி, பம்புக்கு அருகில் இருப்பவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நெரித்து, ஆறும் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசத்துக்குள் வரும்வரை உட்கார்ந்தோம். ஒரு வால்வைத் தொட்டால் மற்ற ஐந்தும் நகரும், அரை நாள் போயிற்று.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் மிச்சம் பிடிக்க ராத்திரி சர்க்குலேஷன் பம்பை டைமரில் நிறுத்துவோர் உண்டு. அப்போதும் இதே புகார் வரும், ஆனால் புள்ளிகள் ஒரே வரிசையில் நிற்காமல் எல்லா ரைசரிலும் விழும். வெந்நீர்த் தொட்டி 60 டிகிரிக்குக் குறையாமல், ரிட்டர்ன் 50க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது வெதுவெதுப்பான தண்ணீரில் பெருகி நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமிக்காகப் பரவலாகப் பின்பற்றும் அளவு. நெடுநேரம் ஆறி நிற்கும் குழாய் வெறும் புகார் விஷயம் மட்டுமல்ல.

அதே இன்ஜினியர்: சில இடத்தில் பாய்லர் சூட்டை ஏற்றிவிட்டு "சரிபண்ணியாச்சு" என்பார்களே.

அது ஆபத்து. பத்து மணிக்குக் குளிப்பவர் கையைச் சுட்டுக்கொள்வார், ஐந்தரைக்குக் குளிப்பவருக்குப் பழையபடி சில்லென்றுதான்.

டூட்டி மேனேஜர் ஒருவர்: எங்களிடம் ஒரு மாடியில் ஏசி கடகடவென்று சத்தம், அடிக்கடி எழுதினார்கள். ஃபேன் மோட்டார் பேரிங் மாற்றினோம். ஒரு வாரமாக ஒரு புகாரும் இல்லை. முடிந்தது என்று நோட்டில் கோடு போட்டுவிடலாமா?

சரிசெய்வதற்கு முன்னால் எத்தனை நாளுக்கு ஒரு புகார் வந்தது என்று முதலில் பாருங்கள். எங்கள் வெந்நீர் விஷயத்தில் அந்த வரிசையிலிருந்து அறுபது நாளில் ஏழு, அதாவது ஏறக்குறைய ஒன்பது நாளுக்கு ஒன்று. ஆக, வால்வைத் தொடாமலே ஒரு வாரம் அமைதியாக இருந்திருக்க முடியும். அந்த அமைதியைப் பார்த்து யாராவது முதுகில் தட்டிக்கொடுத்தால் தப்பு. ஒரு மாதம் காத்திருந்தால் பழைய கணக்குப்படி மூன்று, நாலு சீட்டு வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை என்றால் நம்பலாம்.

அதிலும் ஒரு ஓட்டை உண்டு. அந்த மாதம் அறைகள் காலியாகக் கிடந்தால் புகாரும் குறையத்தான் செய்யும். அதனால் நாளைக் கணக்கெடுக்காமல், அந்த அறைகளில் ஆள் தங்கிய ராத்திரிகளைக் கணக்கெடுங்கள். சீட்டு வரும்வரை காத்திராமல் நீங்களே போய் அளக்கவும் வேண்டும். நாங்கள் வாரம் ஒருமுறை ஐந்தரைக்கு ஸ்டாப்வாட்ச் பிடித்தோம். உங்களுக்கு, ராத்திரி பதினொன்றுக்கு அந்த மாடியில் காலி அறையில் விளக்கை அணைத்துவிட்டு பத்து நிமிடம் படுத்திருந்தால் போதும்.

ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் ஒருவர்: சார், நீங்கள் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் இடத்தில் அறை சுத்தமில்லை என்று ஒரு சீட்டு வந்தால் அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குத் திட்டு, இன்சென்டிவ் கட். என் டீமில் பாதிப் பேர் சீட்டை எடுத்துக் குப்பையில் போடுகிறார்கள். நானும் கண்டும் காணாததுபோல் இருக்கிறேன்.

உண்மையைச் சொன்னதற்கு நன்றி மேடம். நீங்கள் செய்வதில் எனக்கு ஆச்சரியமில்லை. யாரைப் பற்றிய புகாரோ அவர் கையாலேயே அதை எடுத்துவரச் சொல்வது நிர்வாகத்தின் தவறு. சீட்டு லிஃப்ட் பக்கத்தில் பூட்டிய பெட்டியில் விழ வேண்டும், சாவி உங்கள் துறையிலும் இருக்கக் கூடாது, மெயின்டனன்ஸிலும் இருக்கக் கூடாது.

சீட்டு காணாமல் போகிறதா என்று நிர்வாகம் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. ஒரு மாடியிலிருந்து சீட்டில் புகாரே இல்லை, ஆனால் அதே மாடியிலிருந்து ரிசப்ஷனுக்கு "டவல் ஈரமாக இருக்கிறது" என்று போன் வந்துகொண்டே இருக்கிறது என்றால் அந்த மாடிச் சீட்டு எங்கேயோ போகிறது. ஆனால் அதைத் துப்பறிந்து இன்னொரு இன்சென்டிவை வெட்டினால் போன் பதிவும் நின்றுபோகும். புகாரோடு ஆள் பெயர் சேரக் கூடாது, அறை எண்ணும் நேரமும் போதும் என்று உங்கள் மேனேஜரை ஒப்புக்கொள்ள வைக்க முடியுமா? முடியாவிட்டால் என்னிடம் இதற்கு நல்ல பதில் இல்லை.

ஒரு விருந்தினர்: போன மாதம் தங்கிய ஹோட்டலில் ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் சத்தம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். இதுவரை பதில் இல்லை. யாரிடம் புகார் செய்வது?

இங்கே ஹோட்டல் ஊழியர்களின் கேள்விக்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன் ஐயா, இருந்தாலும் சொல்கிறேன். புறப்படும்போது எழுதும் சீட்டு அடுத்து வருபவருக்குத்தான் பயன்படும். உங்களுக்கு வேண்டுமென்றால் அன்று ராத்திரியே ரிசப்ஷனுக்குப் போன் செய்து கட்டடத்தின் வேறு பக்கத்தில் ஓர் அறை கேட்க வேண்டும். ஹோட்டல்காரர்களே, இதனால்தான் இரண்டு ராத்திரிக்கு மேல் தங்குகிறவர்களிடம் முதல் காலையிலேயே கேளுங்கள் என்கிறேன்.

சிறிய ஹோட்டல் நடத்தும் ஒருவர்: எங்களிடம் மூன்று அறையில் சாக்கடை வாடை என்று எழுதுகிறார்கள். ஒருத்தர் எழுதுகிறார், அடுத்து வருகிறவர் எழுதுவதில்லை. பிளம்பர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார்.

புகார் வந்த நாளுக்கு முன்னால் அந்த அறை எத்தனை நாள் காலியாக இருந்தது என்று நோட்டில் ஒரு கட்டம் சேர்த்துப் பாருங்கள். குளியலறைத் தரையில் இருக்கும் வடிகால் ட்ராப்பில், அதாவது தண்ணீர் தேங்கும் வளைவில், தண்ணீர் நின்றால்தான் வாடை மேலே வராது. பல நாள் யாரும் குளிக்காவிட்டால் அது காய்ந்துவிடும். வருகிறவர் முதல் நாள் எழுதுவார், அவர் குளித்ததும் ட்ராப் நிரம்பிவிடும், பிளம்பர் வரும்போது வாடை இருக்காது. காலி அறைகளில் சில நாளுக்கு ஒருமுறை ஒரு வாளி ஊற்றச் சொன்னால் நின்றுவிடும்.

அவரே மறுபடியும்: பார்த்தேன் சார். ஐந்து புகாரில் மூன்று நீங்கள் சொன்ன மாதிரிதான். ஆனால் இரண்டு, முந்தின ராத்திரியும் ஆள் இருந்த அறை.

அப்படியானால் அந்த இரண்டும் வேறு கதை. மேல்மாடியில் மொத்தமாகத் தண்ணீர் இறங்கும்போது ட்ராப்பை உறிஞ்சிவிடுகிறதா, காற்றுப் போகும் வென்ட் குழாய் எங்காவது அடைத்திருக்கிறதா, ஏதாவது மூட்டு விட்டிருக்கிறதா, இங்கிருந்து சொல்ல முடியாது. இரண்டு புள்ளியை வைத்து ஒரு குழாயையும் உடைக்காதீர்கள். அந்த இரண்டு பேரும் எத்தனை மணிக்கு வாடை என்றார்கள், நேர் மேலே இருந்த அறையில் அப்போது ஆள் இருந்தார்களா என்று எடுத்து வையுங்கள். மூன்றாவது வரட்டும், அதோடு சேர்த்துப் பார்ப்போம்.